மாந்தளிர், சிற்றுளி, ஊஞ்சல், அருந்ததி

ஆடி மாதத்தில் நகைக்கடையின் முன்பக்கம் சற்றே ஓய்ந்திருக்கும். பின்பக்கத்து அறைகளில் அப்படியில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கான உருப்படிகள் பட்டறையிலிருந்து வந்துகொண்டிருக்கும். எடை போட்டு, முத்திரைக்கு அனுப்பி, சீட்டு கட்டித் தட்டில் அடுக்குவார்கள். அந்தப் பரபரப்பில் கடைசியாக நடப்பது பெயர் வைப்பது. முதலாளி, விளம்பர நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர், கணக்குப் பிள்ளை ஆகிய மூவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். ஒரு தெய்வப் பெயர், ஒரு ராகத்தின் பெயர், பெருமை சொல்லும் வடசொல் இரண்டு. மறுவாரம் அவை பதாகையில் ஏறிவிடும்.

கல்லாவுக்கு எதிரே உட்காரும் குடும்பம் அந்தப் பெயர்களை ஒருமுறைகூடச் சொல்வதில்லை. "அந்த மாங்கா வெச்ச ஆரத்தைக் கொஞ்சம் எடுங்க தம்பி" என்கிறார் பெண்ணின் அம்மா. "முத்து தொங்குதே, அது" என்கிறாள் பெண். விற்பனையாளரும் அதையேதான் சொல்லி எடுக்கிறார். செலவு செய்து வைத்த பெயர் பதாகையிலேயே நின்றுவிட, வாங்குபவர் தம் கண்ணில் பட்டதை வைத்துத் தாமே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறார்.

வாங்குபவர் வைக்கும் பெயரில் ஒரு முறை இருக்கிறது. தமிழ்நாட்டு நகைகளின் பழைய பெயர்களெல்லாம் அந்த முறையில் பிறந்தவையே. காசுமாலை என்றால் காசுகள் அடுக்கியிருக்கும். மாங்காய் மாலையில் மாங்காய் தெரியும். நெற்றிச்சுட்டி எங்கே அமரும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. கம்மலின் கனத்தைக் காது மடலிலிருந்து கூந்தலுக்கு மாற்றி மாட்டுவதால் அது மாட்டல். பெயரைக் கேட்டவர் நகையைப் பார்த்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் அவை எந்த விளம்பரமும் இல்லாமல் தலைமுறை தாண்டி வந்திருக்கின்றன.

புதிய பெயர்களும் மக்கள் வாயில் ஏறியதுண்டு. 1985இல் ‘பூவே பூச்சூடவா’ வந்தபின் நதியா கம்மல், நதியா வளையல் என்று ஊர் ஊராகக் கேட்டு வாங்கினார்கள். ப்ளூ ஜாகர் வைரத்தோட்டின் கதை இன்னும் பழையது. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் என்ற ஊரில் 1870இல் வைரம் கிடைத்தது. அந்தச் சுரங்கத்து உயர்ந்த கற்களில் மெல்லிய நீலச் சாயல் இருக்கும். ஊரின் பெயர் கல்லுக்கு ஆனது. கல்லின் பெயர் மயிலாப்பூர் மாமிகளின் ஏழுகல் தோடுவரை வந்து சேர்ந்தது. அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் பாட்டியின் தோட்டைப் பற்றிப் பேசும் வீடுகளில் அந்தப் பெயர் இன்னும் புழங்குகிறது. பெயரும் கதையும் கல்லின் நிறமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே காரணம்.

பெரிய சங்கிலிக் கடைகள் வேறு வழியில் போகின்றன. கல்யாண் ஜுவல்லர்ஸ் தன் வகைகளுக்கு முத்ரா, நிமா, அனோகி, தேஜஸ்வி என்று பெயர் வைத்திருக்கிறது. மலபார் கோல்டில் எரா, டிவைன், எத்னிக்ஸ், பிரேஷியா என்ற வரிசைகள் உண்டு. பட்டை தீட்டாத வைரம் ஒன்று, கோயில் பாணி ஒன்று, வண்ணக்கல் ஒன்று என்று பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை மாட்டும் முறை அது. பல மாநிலங்களில், பல மொழிக்காரர்களிடம் விற்கும் நிறுவனத்துக்கு எல்லா ஊரிலும் உச்சரிக்க முடிந்த குட்டிப் பெயர் தேவைப்படுகிறது. பெயர் தானாகக் கதை சொல்லாவிட்டாலும், தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டிக் கதையை அதில் ஏற்றிவிடும் வசதி அவர்களுக்கு இருக்கிறது. ஒரே ஊரில் ஒன்றிரண்டு கிளை வைத்திருக்கும் கடை இந்த வழியைப் பின்பற்றினால் பெயர் வெறும் பலகையாகவே நின்றுவிடும். அந்தக் கடை தன் நகையிலிருந்தேதான் பெயரை எடுத்தாக வேண்டும்.

ஒரு பெயர் வெற்றுப் பெயரா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நான்கு தட்டுகளின் பெயர்ச்சீட்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது. தாமரை பொறித்த வரிசையின் சீட்டை மயில் பொறித்த வரிசைக்கு மாற்றியும் எதுவும் உறுத்தவில்லை என்றால், அந்தப் பெயர் எந்த நகைக்கும் சொந்தமில்லை. ஸ்ரீ என்று தொடங்கும் நான்கு பெயர்களை வைத்த கடையில் இந்தச் சோதனை நிச்சயம் தோற்கும். பெயர்களில் குறையில்லை, நான்கும் ஒரே கிணற்றில் இறைத்தவை, அவ்வளவுதான். நான்கு வரிசைக்கு நான்கு தனிக்கதை வேண்டுமென்றால் நான்கும் வெவ்வேறு இடத்திலிருந்து வர வேண்டும். ஒன்று நகையின் உருவத்திலிருந்து, ஒன்று செய்முறையிலிருந்து, ஒன்று அணியும் நேரத்திலிருந்து, ஒன்று கல்லின் அமைப்பிலிருந்து வரலாம்.

சிவகங்கைச் சீமையில் ஒரு நடுத்தரக் கடை இந்த வேலையில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறையிலிருந்து அறுபது எழுபது உருப்படிகள் வந்திருக்கின்றன. ஆரம், அட்டிகை, ஜிமிக்கி, வங்கி, ஒட்டியாணம் என எல்லாம் கலந்து கிடக்கிறது. இங்கே முதல் வேலை பெயர் தேடுவதில்லை, பிரிப்பது. பெரிய மேசையில் துணி விரித்து எல்லாவற்றையும் பரப்பி, விலை, எடை, உருப்படி வகை மூன்றையும் மறந்துவிட்டு, எதுவும் எதுவும் உறவு போலத் தெரிகின்றன என்று மட்டும் பார்த்துக் குவிக்க வேண்டும். ஆரத்தையும் ஜிமிக்கியையும் ஒரே குவியலில் சேர்ப்பது எது என்பதில்தான் அந்த வரிசையின் கதை இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று குவியல் தானே பிரிந்துவிடும். எந்தக் குவியலிலும் சேராமல் பத்துப் பதினைந்து மிஞ்சும். அவற்றை வலிந்து எதிலும் திணிக்காமல் பெயரில்லாத பொதுச் சரக்காகவே விற்றுவிடுவது நல்லது.

முதல் குவியலில் மாங்காய் வடிவம் மிகுந்திருக்கிறது. சிவப்பும் பச்சையுமாகக் கற்கள். ‘மாங்காய்’ என்று பெயர் வைக்கலாமா? ஊரில் உள்ள எல்லாக் கடையிலும் மாங்காய் மாலை இருக்கிறது. பெயர் உண்மைதான், ஆனால் தனி அடையாளம் கிடைக்காது. மாமரத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். கொழுந்து விடும்போது இலை செம்பு நிறத்தில் இருக்கும். நாளாக ஆக வெளிர்ந்து பச்சைக்கு வரும். ஒரே கிளையில் நுனி சிவந்தும் அடி பசுமையாகவும் இருக்கும். இந்த வரிசைக்கு ‘மாந்தளிர்’ என்று வைத்தால் கதை தயாராகிவிடுகிறது. கூடவே நகைக்கு ஒரு விதியும் பிறக்கிறது. சிவப்புக் கல்லையும் பச்சைக் கல்லையும் இதுவரை போல மாற்றி மாற்றிப் பதிக்கக் கூடாது. ஆரத்தின் தொங்கும் நுனியில் சிவப்பு, மேலே ஏற ஏற வெளிர் சிவப்பு, தோளருகே பச்சை என்று அமைய வேண்டும்.

பட்டறைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்வார். அந்த மறுப்பில் நியாயமும் இருக்கும். பிடரிவரை பச்சைக் கல் பதித்தால் கனமும் விலையும் ஏறும். கூந்தலுக்கும் பின்னலுக்கும் அடியில் அது யார் கண்ணிலும் படாது. தோளெலும்புவரை கல் வரிசை, அதற்குப் பின் வெறும் சங்கிலி என்று இருவரும் ஒரு முடிவுக்கு வரலாம். கதை நகையைத் திருத்துவதும், நகை கதைக்கு எல்லை போடுவதும் இப்படித்தான் நடக்கும். பெயர் கடைசி வாரத்தில் வைக்கப்பட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பட்டறைக்கு வேலை கொடுக்கும் முன்பே பெயர் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது குவியல் நகாசு வேலை. தங்கத் தகட்டைச் சூடேற்றிப் பதப்படுத்தி, அரக்குப் படுகையில் பதித்து, பின்புறமிருந்து தட்டி உருவத்தைப் புடைக்கச் செய்வார்கள். பிறகு திருப்பி வைத்து, சின்னச் சின்ன உளிகளால் மயிலின் தோகையையும் தெய்வத்தின் கண்ணையும் செதுக்குவார்கள். கோயில் நகை என்று பொதுவாக விற்கப்படும் இந்த வகைக்குத் தெய்வப் பெயர் வைப்பதே வழக்கம். ஆனால் இதன் தனித்தன்மை தெய்வ உருவத்தில் இல்லை. அந்த உருவத்தை இன்று அச்சிலும் வார்க்கிறார்கள். கைவேலைதான் இதன் கதை. ஆகவே ‘சிற்றுளி’.

இந்தப் பெயரை வைத்த கணமே கடை ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறது. மெழுகு உருவம் செய்து, ரப்பர் அச்சில் நூறு பிரதி எடுத்து வார்த்த துண்டு ஒன்றுகூட இந்தத் தட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. கையால் செய்த பதக்கத்தின் இடப்பக்க மயிலும் வலப்பக்க மயிலும் உற்றுப் பார்த்தால் இம்மியளவு வேறுபடும். கழுத்தின் வளைவோ கண்ணின் அளவோ சற்று மாறியிருக்கும். பின்புறம் திருப்பினால், மூடித் தகடு இல்லாத இடங்களில், முன்பக்கப் புடைப்புக்கு ஏற்ற குழிவும் கருவியின் தடங்களும் தெரியும். வார்த்ததில் இரண்டு மயிலும் அச்சு அசலாக ஒன்றே. விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, "ரெண்டு மயிலையும் நல்லா பாருங்கம்மா, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது" என்று சொல்ல முடிந்தால் அதற்கு மேல் கதை வேண்டாம். பருவத்தின் நடுவில் சரக்கு தீர்ந்து, வார்ப்புத் துண்டுகளை அதே தட்டில் நிரப்பும் கடைகள் உண்டு. பெயர் சாகும் இடம் அதுதான். அடுத்த வாடிக்கையாளரிடம் பூதக்கண்ணாடியை நீட்ட விற்பனையாளருக்குக் கை வராது.

மூன்றாவது வரிசை அணியும் நேரத்திலிருந்து வருகிறது. திருமண நகையை ஒரே பொதியாகப் பார்ப்பது கடைக்காரரின் பார்வை. பெண் வீட்டார் அதை நிகழ்ச்சி வாரியாகவே யோசிக்கிறார்கள்: நிச்சயத்துக்கு எது, முகூர்த்தத்துக்கு எது, வரவேற்புக்கு எது? பல வீடுகளில் ஊஞ்சல் சடங்கு உண்டு. மணமக்களை ஊஞ்சலில் அமர்த்தி, பெண்கள் பாட்டுப் பாடிச் சுற்றி வருவார்கள். அந்த நேரத்தில் பெண்ணின் காதில் ஜிமிக்கி ஆடும். ஆரத்தின் முத்துக்குஞ்சம் அசையும். ஆடுகிற உறுப்பு உள்ள நகைகளை மட்டும் சேர்த்து ‘ஊஞ்சல்’ என்று பெயர் வைத்தால் சொல்லும் பொருளும் ஒன்றாகிவிடும். விற்பனையாளர் எதுவும் விளக்க வேண்டாம். நகையை எடுத்து இலேசாக அசைத்துக் காட்டினால் போதும்.

விதியில் கண்டிப்பும் வேண்டும். அந்தக் குவியலில் முத்து வைத்த அட்டிகை ஒன்று இருக்கலாம், எல்லாவற்றிலும் அழகானதாகவே இருக்கலாம். ஆனால் அது கழுத்தோடு ஒட்டி அசையாமல் நிற்பது. அது ஊஞ்சல் இல்லை. வெளியே எடுத்துவிட வேண்டும். தட்டில் மனத்தாங்கலோடு எடுத்து வைக்கும் அந்த ஒரு உருப்படிதான் வரிசையைக் காப்பாற்றுகிறது. தொழில்நுட்பப் பக்கமும் உண்டு. அசையும் நகையில் வளையம் தேயும், முத்துக் கோத்த மெல்லிய கம்பி அறும். ‘ஊஞ்சல்’ என்று பெயர் வைத்த கடை கம்பியின் கனத்தைச் சற்றே கூட்டி, வளையங்களைப் பற்றவைத்து மூடித் தர வேண்டும். கல்யாண மண்டபத்தில் முத்து சிதறினால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது அந்தப் பெயராகத்தான் இருக்கும்.

நான்காவது, வைரம். ஏழுகல் தோட்டின் அமைப்பு எளிமையானது: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒரே அளவுள்ள ஏழு வட்டங்களை எடுத்தால், ஒன்றைச் சுற்றி மற்ற ஆறும் இடைவெளி இல்லாமல் சரியாக அமரும். ஐந்தும் அமராது, ஏழும் அமராது. தட்டான் கணிதம் படிக்காமலே கண்டுகொண்ட உண்மை இது. நடுக்கல்லை முதன்மைப்படுத்தி ‘நடுக்கல்’ என்று பெயர் வைக்கலாமே என்று மேசையைச் சுற்றி இருப்பவர்களில் யாராவது சொல்லக்கூடும். காகிதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உரக்கச் சொன்னால் போரில் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல் நினைவுக்கு வந்துவிடும். கல்யாண நகைக்கு அது ஆகாது. எந்தப் பெயரையும் எழுத்தில் முடிவு செய்யாமல், வாயால் சொல்லி, வீட்டுப் பெரியவர்கள் இருவர் மூவர் காதில் போட்டுப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான். மங்கலம், அமங்கலம் என்பது அகராதியில் அகப்படாது; கேட்பவர் முகத்தில் தெரிந்துவிடும்.

ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் வேறு வாசல் திறக்கிறது. வானத்தில் ஏழு மீன் கூட்டமான சப்தரிஷி மண்டலம் உண்டு. அதில் வசிஷ்டர் என்று சொல்லப்படும் மீனை ஒட்டி, கண் கூர்ந்தால் மட்டும் தெரியும் சின்ன மீன்தான் அருந்ததி. அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது கல்யாணச் சடங்கு. ஏழுகல் தோட்டின் சுற்றுக்கல் ஒன்றை ஒட்டி, மிளகளவும் இல்லாத எட்டாவது வைரம் ஒன்றைப் பதித்தால் ‘அருந்ததி’ பிறந்துவிடுகிறாள். அந்த எட்டாவது கல் இதே கடையின் தோட்டுக்கு மட்டும் உரிய அடையாளமாகிறது. அதைத் தேடிப் பார்ப்பதே வாடிக்கையாளருக்கு ஒரு விளையாட்டு. மோதிரம், பதக்கம், மூக்குத்தி எல்லாவற்றிலும் பெரிய கல் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கல் என்ற விதியைத் தொடரலாம்.

இதிலும் இரண்டு தடைகள் உண்டு. 2009இல் வந்த ‘அருந்ததி’ பேய்ப்படம் இளைய தலைமுறைக்கு நினைவிருக்கும். சடங்கின் நினைவு வலுவா, படத்தின் நினைவு வலுவா என்பதைக் கடை தன் ஊர்ப் பெண்களிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, அருந்ததி பார்க்கும் சடங்கு எல்லோர் திருமணத்திலும் இல்லை. கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்களும் அதே கடையில்தான் நகை எடுக்கின்றன. நான்கு கதையும் இந்துச் சடங்கையும் தெய்வத்தையும் சார்ந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் தமக்கு இங்கே எதுவும் இல்லை என்றே நினைக்கும். மாந்தளிருக்கு மதம் கிடையாது. ஊஞ்சலை மண்டபத்தை விட்டு வீட்டு முற்றத்துக்கும் கொண்டுபோகலாம். சிற்றுளியில் தெய்வ உருவங்களோடு பூவும் கொடியும் மட்டும் செதுக்கிய பத்து உருப்படிகளாவது இருக்க வேண்டும். வரிசைகள் ஒன்றையொன்று ஈடு செய்கின்றனவா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

நான்கு பெயரும் நன்றாக இருந்தாலும், ஐந்தாவதாக ஒரு ஆசை எல்லாக் கடைக்காரருக்கும் வரும். அது சோழர். மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாக வந்தபின் அந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த கிஷன்தாஸ் நிறுவனம் படத்துக்குச் செய்த நகைகள் பரவலாகப் பேசப்பட்டன. நந்தினி ஆரம், குந்தவை நெக்லஸ் என்ற பெயர்கள் பல ஊர்களில் புழங்கத் தொடங்கின. இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. நந்தினி, கல்கியின் கற்பனைப் பாத்திரம். குந்தவை, இராசராசனின் அக்கா. தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் எழுந்தருளுவித்த உமாபரமேசுவரி திருமேனிகளும், அவற்றுக்குக் கொடுத்த நகைகளும் கல்வெட்டில் இருக்கின்றன.

அந்தக் கல்வெட்டுகளை நகைத் தொழிலில் இருப்பவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஒவ்வொரு அணியும் பெயரோடு வருகிறது: ஏகாவல்லி, பாசமாலை, வீரபட்டம் என்று. அதோடு நிற்காமல் முத்து எத்தனை, அவை வட்டமா, அனுவட்டமா, குறுமுத்தா, சிவந்த நீரா என்று வகை பிரிக்கிறார்கள். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று வருகிறது. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்ற கல். மணிகள் பதித்த நகையை நிறுக்க தட்சிணமேருவிடங்கன் என்ற வேறு கல். அரக்கு உட்பட எடை இவ்வளவு என்று சொல்லும் இடங்களும் உண்டு. பெயரைக் கேட்டு, விவரத்தைப் படித்து, நகையைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற ஏற்பாடு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்திருக்கிறது.

ஆகவே ‘குந்தவை’ என்று ஒரு வரிசைக்குப் பெயர் வைக்கும் கடைக்குப் பொறுப்பு கூடுகிறது. சிவப்புக் கெம்பு அடர்த்தியாகப் பதித்து இரண்டு மயில் நிற்கும் ஆரத்தைக் குந்தவையின் நகை என்று விற்பது சரியாகாது. இன்று கோயில் நகை என்று நாம் பார்க்கும் அந்தப் பாணி சோழர் காலத்துக்கு மிகவும் பிற்பட்டது. சோழர் அணி எப்படி இருந்தது என்று பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்திலும் தஞ்சைக் கலைக்கூடத்திலும் உள்ள செப்புத் திருமேனிகள் போதும். கழுத்தை ஒட்டிய அகன்ற கண்டிகை, மார்பில் இழையும் சரங்கள், தோளிலிருந்து தொங்கும் சிறு சரம், கைமேல் கேயூரம் என்று அந்த அழகு வேறு. முத்துச் சரங்களை முதன்மையாக்கி, கல்லைக் குறைத்து, அந்தத் தோள்சரத்தை நவீன ரவிக்கைக்கு ஏற்றபடி வடிவமைத்தால் ‘குந்தவை’ என்ற பெயர் பொருந்தும். ‘நந்தினி’யும் வைக்கலாம், நாவலின் பாத்திரம் என்று சொல்லியே. வரலாறு என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

ஊர்ப் பெயரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் செய்து பொன் தகடு பொதிந்து சிவப்பு, பச்சைக் கற்கள் பதிக்கும் நாட்டிய நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த ஊரின் பெயரை ஒரு வரிசைக்கு வைத்துவிட்டு வேறெங்கோ செய்த சரக்கை விற்பது நாணயக் குறைவு மட்டுமில்லை, சட்டச் சிக்கலும்கூட.

சட்டம் என்று வந்தபின் வணிகக் குறியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நகைகள் 14ஆம் வகுப்பில் வருகின்றன. பொருளை அப்படியே விவரிக்கும் சொல்லை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் எளிதில் இடம் கொடுப்பதில்லை. மாங்காய் மாலை என்பதோ ஏழுகல் என்பதோ யாருடையதும் ஆகாது. ஊஞ்சல் என்ற சொல் தங்கத்தையோ வைரத்தையோ விவரிக்கவில்லை. அதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு ஊதுபத்தி நிறுவனம் ‘ராமாயண்’ என்ற பெயரைப் பதியக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனியுரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. நான்கு தெய்வப் பெயர்களை வைத்த கடைக்கு இதில் பாடம் இருக்கிறது. அடுத்த தெருக் கடையும் அதே பெயரை வைத்தால் தடுக்க வழி குறைவு. பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம்.

நடிகையின் பெயரை அனுமதியின்றி வைக்கும் காலமும் போய்விட்டது. தனிஷ்க் விளம்பரத்துக்காக அமிதாப் பச்சனும் ஜெயா பச்சனும் நடித்த படத்தை வேறொரு நகைக்கடை தன் விளம்பரப் பலகையில் போட்டுக்கொண்ட வழக்கில், பிரபலத்தின் அடையாளம் அவருக்கே உரியது என்பதை டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் ஏற்றுக்கொண்டது. நதியா கம்மல் மக்கள் வைத்த பெயர். கடை வைத்தால் கதை வேறு.

அருந்ததித் தோட்டின் எட்டாவது கல் போன்ற புது அமைப்பைக் காக்க 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பத்தாண்டுப் பாதுகாப்பு, மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். ஆனால் வடிவம் வெளியாகும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆர்வத்தில் முதல் நாளே இன்ஸ்டாகிராமில் படம் போட்டுவிட்டால் புதுமை போய்விட்டது என்று ஆகிவிடும்.

பெயர் தேர்ந்ததும் அதை எழுதும் முறையும் ஒன்றாக வேண்டும். மாந்தளிர் என்பதை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு ‘ஏ’ போட்டும் இன்னொருவர் இரண்டு போட்டும் எழுதுவார்கள். பதாகையில் ஒன்று, பில்லில் ஒன்று, இணையத்தில் ஒன்று என்றிருந்தால் தேடுபவருக்குக் கிடைக்காது. ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போட வேண்டும்.

இனி விற்பனையாளர்கள். மொத்த வேலையும் அவர்கள் வாயில்தான் நிறைவேறுகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டே வாக்கியம், அதில் ஒன்றாவது நகையின் ஏதோ ஒரு இடத்தைக் கைகாட்டுவதாக இருக்க வேண்டும். "நுனி சிவப்பா இருக்கு பாருங்கம்மா, மேல போகப் போக பச்சை. மாங்கொழுந்து இப்படித்தானே இருக்கும்?" அவ்வளவுதான். வேறு பிரிவில் வேலை செய்யும் பணியாளர் ஒருவரை அழைத்து, நான்கு கதையையும் ஒருமுறை சொல்லிவிட்டு, பெயர்ச்சீட்டு இல்லாத நான்கு தட்டைக் காட்டினால் அவர் சரியாகப் பொருத்த வேண்டும். தடுமாறினால் குறை அவர் நினைவில் இருக்காது. கதையிலோ தட்டிலோதான் இருக்கும். இந்தச் சோதனையைக் கடை திறக்கும் முன் காலையில் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

கதை சொல்லும்போது ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: எடை. சிற்றுளியிலும் மாந்தளிரிலும் கல்லும் அரக்கும் மொத்த எடையில் சேரும். கதையில் மயங்கியிருக்கும் குடும்பத்திடம் மொத்த எடையை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். வீட்டுக்குப் போய்ப் பில்லைப் பார்க்கும் மாமா அதைக் கண்டுபிடித்துவிடுவார். சீட்டில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் வரிசைப் பெயருக்குக் கீழேயே இருக்கட்டும். கைவேலைக்குச் செய்கூலி கூடுதல் என்பதையும் மயிலைக் காட்டும்போதே சொல்லிவிடலாம். அந்த நேரத்தில்தான் அதற்கான காரணம் கண் முன்னால் இருக்கிறது. தூய்மைக்குப் பெயர் சாட்சி ஆகாது. அதற்கு பி.ஐ.எஸ். முத்திரையும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஆறு இலக்க அடையாள எண்ணும் இருக்கின்றன.

தை, மாசி முகூர்த்தங்கள் முடிந்து பங்குனியில் கணக்குப் பார்க்கும்போது, எந்தப் பெயர் வேலை செய்தது என்று தெரிந்துகொள்ள விற்பனைத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. வந்தவர்கள் எந்தப் பெயரைத் தாங்களாகச் சொல்லிக் கேட்டார்கள் என்பதைக் கல்லாவில் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லியிருந்தால் அது சொல்லும். யாரும் பெயர் சொல்லிக் கேட்காத வரிசையில் நகை விற்றிருந்தாலும் பெயர் விற்கவில்லை. அடுத்த பருவத்தில் அந்தப் பெயரை விட்டுவிடலாம், நகையை விட வேண்டாம். விற்காமல் நின்ற உருப்படிகளை உருக்கும்போதும், கேட்டு வாங்கப்பட்ட பெயரின் விதியை உருக்கிவிடக் கூடாது. பில்லில் ‘ஊஞ்சல் ஜிமிக்கி’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், தங்கைக்கு அதே மாதிரி வேண்டும் என்று மூன்றாண்டு கழித்து அந்தக் குடும்பம் திரும்பி வரும்போது பட்டறைக்கு என்ன சொல்லி அனுப்புவது என்ற குழப்பம் இருக்காது.